நட்ட நாளா, விதைத்த நாளா?

ஆடி மாதம் முடியப் போகிற நேரத்தில் சித்தப்பா எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தார். மன்னார்குடிப் பக்கம் ஓர் உரக்கடைச் சுவரில் மாட்டியிருந்த சம்பா நெல் பயிர் நாட்காட்டி அது. ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு வரிசை. விதைப்பு, தண்ணீர், உரம், பூச்சி நோய் என்று நான்கு கட்டம். படத்துக்குக் கீழே ஒரு வரி: “தம்பி, இதை மாசா மாசம் என்ன செய்யணும்னு ஒரு தாள்ல எழுதிக் குடு. எனக்குச் சின்ன எழுத்து தெரியல.”

அரை மணி நேர வேலை என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். முடிக்க மூன்று நாள் ஆயிற்று. கட்டத்தில் இருந்ததை அப்படியே மாதவாரியாக எடுத்து எழுதியிருந்தால் அரை மணியில் முடிந்திருக்கும். சித்தப்பாவின் ஒரு ஏக்கரும் அந்த ஆண்டு கெட்டிருக்கும்.

முதலில் படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாட்காட்டி பளபளப்பான ஃபிளக்ஸில் அச்சிட்டது. குழல் விளக்கின் வெளிச்சம் நடுவில் விழுந்து இரண்டு கட்டங்களை வெள்ளையாக்கியிருந்தது. வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கி அனுப்புவதால் பெரிதாக்கிப் பார்த்தால் எண்கள் கலங்கின. 3-க்கும் 8-க்கும் வித்தியாசம் தெரியவில்லை. புள்ளி இருக்கிறதா இல்லையா என்பதும் தெரியவில்லை. உர அளவில் 2.5 என்பது 25 ஆகிவிட்டால் அது சின்னத் தவறில்லை. இதையெல்லாம்விடப் பெரிய குறை, கீழ் ஓரம் வெட்டுப்பட்டிருந்தது. தலைப்பும் கட்டங்களும் வந்துவிட்டதால் சித்தப்பாவுக்கு அது குறையாகத் தெரியவில்லை.

மறுபடி ஒரு முறை போய் எடுத்து அனுப்பச் சொன்னேன். விளக்கை அணைத்துவிட்டுப் பகல் வெளிச்சத்தில், சுவருக்கு நேர் எதிரே நின்று, முழுத்தாளையும் ஒரு படம். பிறகு தாளை நான்காகப் பிரித்து, ஒன்றோடொன்று கொஞ்சம் மேலே விழும்படி நான்கு படங்கள். கடைசியாக அடிக்குறிப்புக்கு மட்டும் ஒரு படம். அனுப்பும்போது படமாக அனுப்பாமல் ‘டாக்குமெண்ட்’ என்று தேர்ந்தெடுத்து அனுப்பினால் சுருங்காமல் வரும். படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் வசதி இப்போது கைப்பேசியிலேயே இருக்கிறது. தொடர்ச்சியான எழுத்தை அது நன்றாக எடுக்கிறது. கட்டம் போட்ட தாளில் மட்டும் ஒரு வரிசையின் எண் அடுத்த வரிசைக்குத் தாவிவிடுகிறது. அதனால் எழுத்தை அதில் எடுத்தாலும், எண்களை ஒவ்வொன்றாகப் படத்தோடு ஒப்பிட்டு என் கையாலேயே எழுதினேன்.

புதிய படத்தில் அடிக்குறிப்பு தெளிவாக வந்தது. மூன்றே வரிதான். மத்திய கால ரகம், 135 நாள். அளவுகள் ஒரு ஹெக்டேருக்கு. அச்சிட்ட ஆண்டு 2016.

சித்தப்பா வாங்கி வைத்திருந்த விதை சி.ஆர். 1009 சப்-1. அது 155 முதல் 160 நாள் வரை வயலில் நிற்கிற நீண்ட கால ரகம். இருப்பது ஒரு ஏக்கர், அவர் கணக்கில் மூன்று மா. நாற்று விட நினைத்திருந்தது ஆகஸ்ட் 20-ஆம் தேதி. சுவரில் இருந்த நாட்காட்டி வேறு ரகத்துக்கு, வேறு தேதிக்கு, வேறு அளவு நிலத்துக்கு எழுதியது. அதில் தவறாக எழுதியது ஒன்றும் இல்லை. அது வேறொரு வயலின் நாட்காட்டி, அவ்வளவுதான்.

மாதங்களை ஒதுக்கிவிட்டு நாள்களைக் கையில் எடுத்தேன். கட்டங்களுக்குள் “20-ஆம் நாள் முதல் மேலுரம்”, “43-ஆம் நாள் இரண்டாம் மேலுரம்” என்று இருந்தது. எதிலிருந்து எண்ணி 43? விதைத்த நாளிலிருந்தா, நட்ட நாளிலிருந்தா? தாளில் அதைச் சொல்லவில்லை. பல நாட்காட்டிகள் சொல்வதில்லை. ஆனால் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. கடைசி வரியைப் பார்க்க வேண்டும். அதில் “108-ஆம் நாள் அறுவடை” என்று இருந்தது. ரகத்தின் வயது 135. இரண்டுக்கும் இடைவெளி 27 நாள். மத்திய கால ரகத்துக்கு நாற்றின் வயது 25 முதல் 30 நாள் வரை. ஆக, எண்ணிக்கை நடவிலிருந்துதான். கடைசி வரியில் 135 என்று இருந்திருந்தால் விதைப்பிலிருந்து என்று அர்த்தம். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் எந்த நாட்காட்டியையும் படித்தால் ஒரு மாதம் முன்னே போய்விடலாம், பின்னேயும் போய்விடலாம்.

அடுத்தது ரகத்தின் வயது. 135 நாள் ரகத்தின் நாட்காட்டியை 155 நாள் ரகத்துக்கு மாற்றும்போது அந்த இருபது நாளை எங்கே சேர்ப்பது? எல்லா வேலையையும் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துவிடலாம் என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். நெல் அப்படி வளர்வதில்லை. நம் ஊர் வெப்பத்தில் எந்த ரகமானாலும் பூத்ததிலிருந்து அறுவடை வரை சுமார் 30 நாள். தண்டுக்குள் கதிர் உருவாகத் தொடங்கியதிலிருந்து பூக்கும் வரை சுமார் 35 நாள். குறுகிய ரகத்துக்கும் நீண்ட ரகத்துக்கும் இந்த 65 நாளில் பெரிய மாற்றம் கிடையாது. வித்தியாசம் முழுவதும் அதற்கு முன்னே, பயிர் தூர் கட்டி வளர்கிற காலத்தில் வருகிறது. அதனால் நெல்லுக்கு அறுவடையிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும்.

சித்தப்பாவின் வயலுக்கு எண்ணிப் பார்த்தேன். ஆகஸ்ட் 20-இல் விதைத்தால் 155-ஆம் நாள் ஜனவரி 22. அதிலிருந்து 30 நாள் பின்னால் போனால் டிசம்பர் 23, பூக்கும் நாள். இன்னும் 35 நாள் பின்னால் போனால் நவம்பர் 18, கதிர் உருவாகத் தொடங்கும் நாள். நீண்ட கால ரகத்துக்கு நாற்று 35 முதல் 40 நாள் வரை நிற்கலாம். 35 என்று வைத்துக்கொண்டால் நடவு செப்டம்பர் 24. இந்த ஐந்து தேதிகளையும் நோட்டின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதினேன். மற்ற வேலைகள் எல்லாவற்றையும் இவற்றில்தான் கட்டித் தொங்கவிட வேண்டும்.

சுவர் நாட்காட்டி ஆகஸ்ட் 10 விதைப்பை வைத்து எழுதியது. அதில் கதிர் உருவாகும் பருவத்துக்கான இரண்டாம் மேலுரம் அக்டோபர் 19-இல் வருகிறது. நமக்கு அது நவம்பர் 18. சரியாக 30 நாள் வித்தியாசம். விதைப்பு தள்ளியதால் பத்து, ரகத்தால் இருபது. மாதத்தை மட்டும் பார்த்து எழுதியிருந்தால் சித்தப்பா அக்டோபர் 19-இல் யூரியா போட்டிருப்பார். அன்றைக்கு நட்டு 25 நாள்தான் ஆகியிருக்கும். தூர் கட்டுவதற்கான முதல் மேலுரம் போடுகிற நேரமும் அதுவே. இரண்டு தவணை யூரியா ஒரே வாரத்தில் விழுந்திருக்கும். பயிர் கரும்பச்சையாகப் பார்க்க அழகாக நிற்கும். இலைச்சுருட்டுப்புழுவும் புகையானும் அந்தப் பசுமையைத்தான் தேடி வரும். தண்டு மென்மையாகி மழையில் சாயும். உண்மையில் கதிர் உருவாகும்போது கொடுப்பதற்கு உரம் மிச்சம் இருக்காது.

தேதிகளைச் சித்தப்பாவிடம் படித்துக் காட்டினேன். “இதைத் தமிழ் மாசத்துல சொல்லு” என்றார். நாற்று விடுவது ஆவணி பிறந்து மூன்று நாள் கழித்து. நடவு புரட்டாசி முதல் வாரம் முடிகிறபோது. கதிர் கட்டுவது கார்த்திகை பிறந்த கையோடு. பூப்பது மார்கழி முதல் வாரம். அறுப்பு பொங்கல் கழித்து ஒரு வாரம். இப்படிச் சொன்னதும் அவர் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, “சரியாத்தான் வருது. கார்த்திகையிலதான் நான் எப்பவும் தண்டைக் கிழிச்சுப் பார்ப்பேன்” என்றார். நோட்டில் இரண்டு மாதப் பெயரையும் அருகருகே எழுதி வைத்தேன். வேலை செய்கிறவருக்குப் பழக்கமான மாதம் தாளில் இல்லையென்றால் அவர் அந்தத் தாளைப் பார்க்க மாட்டார்.

இனி அளவுகள். ஒரு ஹெக்டேர் என்பது ஏறக்குறைய இரண்டரை ஏக்கர். அதனால் தாளில் இருக்கிற ஒவ்வோர் எண்ணையும் 0.4-ஆல் பெருக்கினால் ஏக்கருக்கு வந்துவிடும். ஹெக்டேருக்கு 25 கிலோ துத்தநாக சல்பேட் என்றால் ஏக்கருக்கு 10 கிலோ. விதைக்கு அப்படி நேராகப் பெருக்கவும் முடியவில்லை. தாளில் இருந்த 40 கிலோ மத்திய கால ரகத்துக்கு உரியது. நீண்ட கால ரகத்துக்கு ஹெக்டேருக்கு 30 கிலோ போதும், ஏக்கருக்கு 12. நாற்றங்காலுக்கு எட்டு சென்ட்.

உரத்தில் இன்னொரு படி உண்டு. சம்பா நெல்லுக்கு ஹெக்டேருக்குத் தழைச்சத்து 150, மணிச்சத்து 50, சாம்பல்சத்து 50 கிலோ என்பது பொதுப் பரிந்துரை. மண் பரிசோதனை செய்திருந்தால் அந்த அட்டையில் இருக்கிற அளவைத்தான் எடுக்க வேண்டும். இந்த 150 கிலோ என்பது சத்தின் எடை, மூட்டையில் இருக்கிற யூரியாவின் எடை இல்லை. ஏக்கருக்கு 60 கிலோ தழைச்சத்து. அதை அடியுரம், தூர் கட்டும் பருவம், கதிர் உருவாகும் பருவம், பூக்கும் தறுவாய் என்று நான்கு சமபங்காகப் பிரித்தால் தவணைக்கு 15 கிலோ. யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து இருப்பதால் ஒரு மேலுரத்துக்கு 33 கிலோ யூரியா வேண்டும். சாம்பல்சத்தையும் அப்படியே நான்காகப் பிரித்தால் ஒவ்வொரு தவணைக்கும் எட்டு கிலோவுக்குச் சற்று அதிகமாகப் பொட்டாஷ்.

சித்தப்பா கிலோவில் யோசிக்கிறவர் இல்லை, மூட்டையில் யோசிக்கிறவர். அதனால் மூட்டையாக்கி எழுத வேண்டியிருந்தது. 2016-ஆம் ஆண்டுத் தாளில் மூட்டைக் கணக்கு 50 கிலோவை வைத்துப் போட்டிருந்தது. 2018 முதல் யூரியா மூட்டை 45 கிலோவாகிவிட்டது. இப்போது 33 கிலோ என்பது முக்கால் மூட்டை. நோட்டில் “முக்கால் மூட்டை யூரியா, எட்டுக் கிலோ பொட்டாஷ், மூணு மாவுக்கும் சேர்த்து” என்று எழுதினேன். அவர் படித்ததும் கேள்வியே கேட்கவில்லை.

பழைய தாள் என்பதால் மருந்துக் கட்டம்தான் மிகவும் அபாயமாக இருந்தது. நாற்றங்காலுக்குப் போரேட் குருணை போடச் சொன்னது. வேறொரு கட்டத்தில் பாஸ்பாமிடான். இரண்டின் பயன்பாட்டையும் மத்திய அரசு 2018-இல் வெளியிட்ட ஆணை 2020 டிசம்பர் 31-உடன் நிறுத்திவிட்டது. டிரையசோபாஸும் அதே பட்டியலில் இருக்கிறது. பழைய இருப்பை யாராவது கொடுத்தாலும் வாங்கக் கூடாது. நாட்காட்டியில் இருந்த மருந்துப் பெயர் ஒன்றைக்கூட நான் நோட்டுக்குள் கொண்டுவரவில்லை. மருந்து தேவை என்று வயல் சொல்கிற அன்றைக்கு, வேளாண்மை விரிவாக்க மையத்தில் அன்றைய பரிந்துரையைக் கேட்டு வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்தோம்.

பூச்சிக் கட்டத்தை மாற்றி எழுதுவதில்தான் எனக்கு அதிக நேரம் போனது. “நவம்பர்: புகையான், இலைச்சுருட்டுப்புழு, மருந்து தெளிக்கவும்” என்றிருந்தது. இதை அப்படியே எழுதினால் நவம்பர் பிறந்ததும் தெளிப்பான் தோளுக்கு ஏறிவிடும். பூச்சி அந்த வயலில் இருக்கிறதா என்று யாரும் பார்க்க மாட்டார்கள். அதனால் ‘தெளி’ என்ற சொல்லை எல்லா இடத்திலும் எடுத்துவிட்டு ‘எண்ணு’ என்று எழுதினேன். எங்கே எண்ணுவது, எத்தனை வந்தால் கவலைப்படுவது என்பதையும் பக்கத்திலேயே எழுதினேன்.

புகையானை எடுத்துக்கொள்வோம். அது இலை மேல் இருக்காது. தூரின் அடியில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, சாறு உறிஞ்சிக்கொண்டிருக்கும். வரப்பில் நின்று பார்த்தால் தெரியாது. பயிர் வட்ட வட்டமாகக் காய்ந்து புகைந்தது போலத் தெரிகிற நாளில் காரியம் கைமீறியிருக்கும். வயலுக்குள் மூலைக்கு மூலை குறுக்காக நடந்து இருபது குத்துகளைப் பிரித்து அடியைப் பார்க்க வேண்டும். ஒரு தூருக்கு ஒரு பூச்சி என்பது எல்லை. குத்துக்கு ஒரு சிலந்தியும் இருக்கிறது என்றால் தூருக்கு இரண்டு பூச்சி வரை பொறுக்கலாம், ஏனென்றால் சிலந்தி அதைத் தின்கிறது. நவம்பர் முதல் வாரத்தில் சித்தப்பா எண்ணியது இருபது குத்து, மொத்தம் 240 தூர், 110 பூச்சி. தூருக்கு அரைப் பூச்சிகூட இல்லை. தெளிக்கவில்லை. “பக்கத்து வயல்ல அடிச்சுட்டாங்களே” என்று அவருக்கு மனசு அடித்துக்கொண்டது. அடுத்த வாரம் மறுபடி எண்ணுவோம் என்றேன். அடுத்த வாரம் 90. சிலந்திகள் கூடியிருந்தன. தேவையில்லாமல் தெளிக்கிறபோது முதலில் சாவது அந்தச் சிலந்திதான். சில மருந்துகளுக்குப் பிறகு புகையான் முன்னைவிட அதிகமாகப் பெருகுவதும் உண்டு.

இலைச்சுருட்டுப்புழுவுக்குப் பயிர் வளர்கிற காலத்தில் நூற்றுக்குப் பத்து இலை என்பது எல்லை. பூக்கிற நேரத்தில் கண்ணாடி இலையில் நூற்றுக்கு ஐந்து. கதிருக்குச் சோறு போடுகிற இலை அதுதான் என்பதால் அப்போது பொறுமை குறைவு. குருத்துப்பூச்சிக்கு, தூர் கட்டும்போது நடுக்குருத்து காய்ந்தது நூற்றுக்குப் பத்து, பூக்கும்போது வெண்கதிர் நூற்றுக்கு இரண்டு. ஒவ்வொரு வாரமும் வெள்ளிக்கிழமை காலை எண்ணுவது என்று வைத்தோம். வானிலைத் துறையின் வேளாண் அறிக்கை செவ்வாயும் வெள்ளியும் வருகிறது. அதைப் படித்த கையோடு வயலுக்குள் இறங்கிவிடலாம்.

இதற்கு நடுவில் இன்னொன்றும் புலப்பட்டது. சில வேலைகளின் பலன் தெரிவது ஒரு மாதத்தில், செய்ய வேண்டியது அதற்கு முந்தைய மாதத்தில். புகையானுக்கு எதிரான மிக நல்ல வேலை, எட்டடிக்கு ஓரடி இடம் விட்டு நடுவது. காற்றும் வெயிலும் தூரின் அடிக்குப் போனால் அது அவ்வளவாகப் பெருகாது. அந்த வேலையை நவம்பரில் செய்ய முடியாது. நடவுக்கு ஆள் இறங்குகிற செப்டம்பர் 24-ஆம் தேதி காலையில், கயிறு பிடிக்கும்போதே சொல்லியாக வேண்டும். குருத்துப்பூச்சி முட்டையை நாற்றின் நுனியில்தான் இடும். நடுவதற்கு முன் நுனியைக் கிள்ளிவிட்டால் முட்டையும் போய்விடும். அதுவும் செப்டம்பர் வேலை. நாட்காட்டியில் இந்த இரண்டும் பூச்சிக் கட்டத்தில், அக்டோபர், நவம்பர் வரிசைகளில் இருந்தன. எடுத்து நடவு நாளுக்குக் கொண்டுவந்தேன்.

முட்டை ஒட்டுண்ணி அட்டையும் அப்படித்தான். குருத்துப்பூச்சிக்கு நட்ட 30-ஆம் நாளும் 37-ஆம் நாளும் வயலில் கட்ட வேண்டும். நமக்கு அது அக்டோபர் 24, 31. உள்ளே இருப்பது உயிர். கடையில் வாங்கி அலமாரியில் வைத்திருக்க முடியாது. அதனால் “அக்டோபர் 15: அட்டைக்குச் சொல்லி வை” என்று ஒரு தனி வரி சேர்த்தேன். சுவர் நாட்காட்டியில் இப்படி ஒரு வரி இருக்காது. அது பயிருக்கு எழுதியது. வேலைப் பட்டியல் ஆளுக்கு எழுதுவது. ஆள் எப்போது கடைக்குப் போக வேண்டும், யாரிடம் சொல்லி வைக்க வேண்டும் என்பதும் அதில் வர வேண்டும்.

தண்ணீர்க் கட்டம் நம் ஊருக்கு வரும்போது வேறாகிவிடுகிறது. தாளில் செப்டம்பரிலிருந்து அறுவடைக்குப் பதினைந்து நாள் முன்பு வரை ஒரே முறைதான். நட்டதும் ஒரு வாரம் இரண்டு சென்டிமீட்டர். பிறகு ஐந்து சென்டிமீட்டர் கட்டி, அது வடிந்த மறுநாள் மறுபடி ஐந்து. காய்ச்சலும் பாய்ச்சலும் என்று நாம் சொல்வது. செப்டம்பர் கடைசியிலும் அக்டோபர் முதல் பாதியிலும் ஆற்றுத் தண்ணீரை வைத்து இதைச் செய்யலாம். அக்டோபர் 20 வாக்கில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் டெல்டாவில் யாருக்கும் பாய்ச்சுவது கவலை இல்லை, வடிப்பதுதான் கவலை. ஆகவே அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் நடு வரை ‘பாய்ச்சு’ என்ற சொல்லுக்குப் பதிலாக ‘வடி’ என்று எழுதினேன். அக்டோபர் முதல் வாரத்திலேயே வடிகால் வாயைத் தூர் எடுப்பது, கீழ்வயல்காரரிடம் பேசி வைப்பது என்று இரண்டு வரி சேர்த்தேன். சப்-1 ரகம் இளம் பருவத்தில் இரண்டு வாரம் வரை மூழ்கினாலும் தாங்கும். பூக்கிற நேரத்து வெள்ளத்துக்கு அந்தக் குணம் உதவாது. அதனால் டிசம்பரிலும் வடிகால் வரி அப்படியே இருக்கிறது.

எழுதி முடித்தபோது நவம்பர் பக்கம் இப்படி இருந்தது:

நவம்பர் (ஐப்பசி பாதி – கார்த்திகை பாதி)
முதல் வாரம்: வடிகால் வாய் பார். வெள்ளிக்கிழமை இருபது குத்து எண்ணு.
இரண்டாம் வாரம்: யூரியா முக்கால் மூட்டை, பொட்டாஷ் எட்டுக் கிலோ வாங்கி வீட்டில் வை. வெள்ளிக்கிழமை எண்ணு.
16-ஆம் தேதியிலிருந்து: இரண்டு நாளுக்கு ஒருமுறை ஐந்து தண்டு கிழித்துப் பார். அடியில் வெள்ளையாகக் கதிர் தெரிந்தால் மேலுரம். தெரியாவிட்டால் போடாதே.
மேலுரத்துக்கு முன்: தண்ணீரை வடித்துச் சேறு தெரியும்படி வை. மழை அறிவிப்பு இருந்தால் தள்ளிப் போடு.
கடைசி வாரம்: வெள்ளிக்கிழமை எண்ணு. கண்ணாடி இலை வந்ததா என்று பார்.
நடந்த நாள்: ______

மூன்றாம் வரியில் தேதியோடு ஓர் அடையாளத்தையும் வைத்திருப்பது வேண்டுமென்றே செய்தது. நான் கணக்குப் போட்ட நவம்பர் 18 ஒரு மதிப்பீடுதான். 155 நாள் என்பது 160-ஆகவும் இருக்கலாம். நாற்று வேர் பிடிக்கச் சுணங்கலாம், மேகமூட்டம் நீண்டால் பயிர் தாமதிக்கலாம். தேதி வந்துவிட்டது என்பது போய்ப் பார்ப்பதற்கான அழைப்பு மட்டுமே. நடுத்தூரை அடியோடு பிடுங்கி, பிளேடால் நெடுக்காகக் கிழித்தால், அடிக்கணுவுக்கு மேலே ஒரு மில்லிமீட்டர் உயரத்தில் பஞ்சு போன்ற ஒரு வெள்ளைக் கூம்பு தெரியும். அது தெரிகிற நாள்தான் பயிரின் உண்மையான நாள்.

சித்தப்பா 17-ஆம் தேதி கிழித்துப் பார்த்தார், இல்லை. 19-ஆம் தேதியும் இல்லை. 21-ஆம் தேதி காலையில் போன் வந்தது. “அஞ்சுல நாலுல தெரியுது தம்பி. ஆனா வானம் கறுத்துக் கிடக்கு. இன்னைக்கே போட்டுடட்டுமா?” அன்று வெள்ளிக்கிழமை. அறிக்கையில் அடுத்த மூன்று நாளும் கனமழை என்றிருந்தது. போட்டிருந்தால் வடிகாலோடு யூரியா போயிருக்கும். நான்கு நாள் பொறுத்து 25-ஆம் தேதி போட்டார். கதிர் உருவாகத் தொடங்கிய சில நாள்களுக்குள் என்பதால் பாதகம் இல்லை.

அன்று மாலை நோட்டில் மற்ற தேதிகளைத் திருத்தினோம். கதிர் தெரிந்தது 21 என்றால் பூப்பது டிசம்பர் 26. அறுவடை ஜனவரி 25. பூக்கும் தறுவாயில் போட வேண்டிய கடைசி மேலுரம் மூன்று நாள் தள்ளிப் போயிற்று. தண்ணீரை நிறுத்த வேண்டியது ஜனவரி 10. கதிர்நாவாய்ப்பூச்சியை எண்ணத் தொடங்க வேண்டியது பூத்த நாளிலிருந்து. அதன் எல்லை, பூக்கும்போது நூறு கதிருக்கு ஐந்து பூச்சி, பால் பிடித்த பிறகு நூறு கதிருக்குப் பதினாறு. எல்லாவற்றிலும் மூன்று நாள் கூட்டினால் போதும். தேதிகளைத் தனித்தனியே எழுதாமல் ஐந்து பெரிய நாள்களில் தொங்கவிட்டதால் திருத்தம் பத்து நிமிடத்தில் முடிந்தது.

பூத்தது 27-ஆம் தேதி. சித்தப்பா அதை ‘நடந்த நாள்’ என்ற கோட்டின் மேல் எழுதி, பக்கத்தில் மார்கழித் தேதியையும் எழுதினார். அந்த நோட்டு இப்போது நாற்றங்கால் கதவுக்குப் பக்கத்து ஆணியில் தொங்குகிறது. இந்த ஆவணிக்கு அதே ரகத்தையே விதைக்கப் போகிறார். முதல் பக்கத்தில் 155 என்பதை அடித்துவிட்டு, அதன் மேல் 159 என்று எழுதியிருக்கிறார்.